ஒப்புதல் பெற்ற பில்லும் ஒரு பக்கக் கடிதமும்

கோயம்புத்தூரில் குறிச்சி, கணபதி, பீளமேடு ஆகிய பகுதிகளிலுள்ள சிறு இயந்திரப் பட்டறைகளுக்குக் கணக்கெழுதுவதே என் ஜீவனோபாயமாக இருந்தபோதிலும், பட்டறைக்காரர்கள் அவசரமாக என்னைத் தேடி வந்ததெல்லாம் பேரேட்டுக்காக அல்ல. பைனான்சியருக்கு எழுதவேண்டிய கடிதத்துக்காகவே. சரக்கை அனுப்பியாகிவிட்டது, வாங்கியவர் ஒப்புக்கொண்டும் விட்டார், ஆனால் பணம் வர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, இதற்கிடையில் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும், மின்கட்டணம் கட்டியாக வேண்டும், காஸ்டிங் கொடுக்கும் பவுண்டரிக்காரரோ ரொக்கம் இல்லாமல் வண்டியில் ஏற்றமாட்டேன் என்கிறார். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பில் டிஸ்கவுண்டிங் என்ற ஏற்பாடு. பில்லைப் பைனான்சியர் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, மீதமுள்ள நாட்களுக்கான வட்டியைக் கழித்து, இன்றைக்கே பணம் தருகிறார்.

இந்த விஷயத்தில் பட்டறைக்காரர்களுக்கும் எனக்கும் இருந்த அபிப்பிராய பேதத்தைச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். தங்களுக்குக் கடன் கேட்பதாகவே அவர்கள் நினைத்தார்கள். ஆகையால் தங்கள் பட்டறையின் வயதையும் நாணயத்தையும் கையிலுள்ள இயந்திரங்களின் எண்ணிக்கையையும் பற்றி எழுதச் சொன்னார்கள். பைனான்சியரோ அப்படி நினைப்பதில்லை. தவணை நாளில் தமக்குப் பணம் அனுப்பப்போகிறவர் சரக்கை வாங்கியவரே என்பதால், அவர் யார், எவ்வளவு தருவார், என்றைக்குத் தருவார், இதுவரை எப்படித் தந்திருக்கிறார் என்ற நான்கைத்தான் அவர் தேடுகிறார். தேடிக் கண்டதை வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறார். கடிதத்தில் நாம் எழுதிய எண்ணும் அந்தப் பக்கத்திலிருந்து வரும் எண்ணும் ஒன்றாக இருந்தால் காரியம் அன்றைக்கே முடிகிறது. ஓர் ஆயிரம் ரூபாயும் ஒரு வாரமும் மாறியிருந்தால், பொய்யென்று அவர் எண்ணாவிட்டாலும், கோப்பு மேஜையின் அடியில் போய்விடுகிறது.

2025 ஜூன் மாதத்தில் குறிச்சிப் பட்டறை ஒன்றிலிருந்து என்னிடம் வந்த கடிதத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு அவர்கள் கடைந்து கொடுத்த கேசிங்குகளுக்கான பில் அது. கடிதங்கள் ஆங்கிலத்தில் போவதுதான் வழக்கமாகையால் சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன்: “நாங்கள் பல ஆண்டுகளாகத் தரமான உதிரி பாகங்கள் தயாரித்து வருகிறோம். எங்கள் வாடிக்கையாளர் மிகப் பெரிய, நம்பகமான கம்பெனி. அவர்களுக்கு ரூ. 11,80,000-க்கு பில் போட்டிருக்கிறோம். பில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. 45 நாளில் பணம் வந்துவிடும். இதுவரை பேமெண்ட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவசரத் தேவை இருப்பதால் தயவுசெய்து உடனே ஆவன செய்யவும்.” இதில் அசத்தியம் என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை, எனினும், பைனான்சியர் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய வாக்கியமும் ஒன்றுமில்லை.

முதலாவது, வாங்குபவர். ‘மிகப் பெரிய கம்பெனி’ என்பது பட்டறைக்காரரின் மரியாதையே தவிர அடையாளமாகாது. கோவையில் ஒரே குடும்பத்தார் ஒரே வணிகப் பெயரின் கீழ் இரண்டு மூன்று கம்பெனிகள் நடத்துவது சகஜம். ஒன்று பிரைவேட் லிமிடெட், மற்றொன்று பங்குதாரர் நிறுவனம். பலகையில் உள்ள பெயரோ இரண்டுக்கும் பொது. பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றின் பெயரிலும் பில் மற்றொன்றின் பெயரிலும் இருந்துவிட்டால், ஒப்புதல் தந்தவர் வேறு, கடன்பட்டவர் வேறு என்றாகிவிடும். பைனான்சியர்கள் ஒவ்வொரு வாங்குபவருக்கும் தனித்தனியே ஓர் உச்சவரம்பு நிர்ணயித்திருப்பதால், எந்தச் சட்டப் பெயர் என்பது தெரியாமல் அவர்களால் வரம்பில் இடமிருக்கிறதா என்றுகூடப் பார்க்க முடியாது. ஆகவே, பதிவுபெற்ற முழுப் பெயர், ஜி.எஸ்.டி. எண், சரக்கு இறங்கிய ஆலை, பில்லுக்கு ஒப்புதல் தந்த கணக்குப் பிரிவு அதிகாரியின் பதவியும் அலுவலகத் தொலைபேசியும் என்று எழுதினேன். பெருமை சொல்லும் பெயரடைகளை எடுத்துவிட்டேன்.

இரண்டாவதான தொகையில்தான் விஷயம் நிரம்ப இருக்கிறது. பில்லின் கடைசி வரியில் உள்ள தொகை நாம் கேட்கும் தொகையே அன்றி வாங்குபவர் தரப்போகும் தொகையல்ல. இரண்டுக்கும் நடுவே சில கழிவுகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த பில்லில் 800 கேசிங்குகள், ஒன்று ரூ. 1,250 வீதம், பத்து லட்சம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,80,000, ஆக 11,80,000. ஜூன் 5-ஆம் தேதி சரக்கு இறங்கிய பிறகு, பரிசோதனையில் 16 கேசிங்குகளில் காற்றுக்குமிழ் ஓட்டைகள், அதாவது புளோ ஹோல், இருப்பதாகக் கண்டு அவற்றை ரிஜெக்ட் செய்து எழுத்துமூலம் தெரிவித்திருந்தார்கள். அவற்றின் விலை 20,000, வரி 3,600. பட்டறையும் அதை ஒப்புக்கொண்டு ஜூன் 11-ஆம் தேதி 23,600-க்கு கிரெடிட் நோட் கொடுத்துவிட்டது. எஞ்சியது 11,56,400. அந்தக் கணக்காண்டில் இந்தப் பட்டறையிடமிருந்து வாங்கியது ஏற்கெனவே 50 லட்சத்தைத் தாண்டிவிட்டபடியால், வரி நீங்கலான மதிப்பாகிய 9,80,000-இல் 0.1 சதவீதம், அதாவது 980 ரூபாய், டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஆகக் கம்பெனியின் கணக்கில் நின்ற தொகை 11,55,420. தொலைபேசியில் கேட்டால் அவர்கள் சொல்லப்போவது இந்த எண்ணைத்தான்.

இந்தக் கழிவுகளைக் கடிதத்தில் வரிசையாக எழுதியதைப் பார்த்த பட்டறை முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை.

“ஏனுங்கய்யா, ரிஜெக்ட் ஆனதையெல்லாம் நாமளே எதுக்குங்க சொல்லோணும்? அவிங்க கேட்டா சொல்லிக்கலாமுங்களே” என்றார்.

“கேட்டபோது சொன்னால் அது விளக்கம், கேட்பதற்கு முன் சொன்னால் அது கணக்குங்க முதலாளி. அவர் நம்மைக் கேட்கப்போவதில்லை, கம்பெனியைத்தான் கேட்கப்போகிறார்” என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். 24,580 ரூபாய் குறைவாகத் தெரிவதில் அவருக்கு இருந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்தப் பணம் எவ்விதத்திலும் வரப்போவதில்லை. பில் தொகை முழுவதுக்கும் பைனான்சியர் பணம் தந்திருந்தால், தவணை நாளில் அந்தப் பற்றாக்குறையைப் பட்டறைதான் தன் கையிலிருந்து கட்ட நேர்ந்திருக்கும்.

ஒப்புதல் என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்டில் முத்திரை குத்துவது சரக்கு வந்ததற்குச் சாட்சி. ஸ்டோர்ஸில் தரும் ஜி.ஆர்.என். ரசீது எத்தனை உருப்படி வந்தது என்பதற்குச் சாட்சி. பரிசோதனை அறிக்கை எத்தனை தேறின என்பதற்குச் சாட்சி. இவற்றில் எதுவுமே பணம் தரச் சம்மதம் என்பதாகாது. கணக்குப் பிரிவு அந்த பில்லைத் தன் ஏட்டில் ஏற்றி, இன்ன தொகை இன்ன தேதியில் தரத்தக்கது என்று எழுத்தில் தெரிவிக்கும்போதுதான் ஒப்புதல் பூரணமாகிறது. சரக்கு சேர்ந்த 15 நாட்களுக்குள் வாங்குபவர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் சேர்ந்த நாளிலேயே ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டம் சொல்லுகிறது. வழக்கு மன்றத்தில் அது பிரயோஜனப்படும். ஆனால் அந்த மௌன சம்மதத்தை நம்பிப் பணம் கொடுத்த பைனான்சியர் எவரையும் நான் கண்டதில்லை. ஆகவே கணக்குப் பிரிவின் மின்னஞ்சலையே முதல் இணைப்பாக வைத்தேன்.

மூன்றாவது, தவணை நாள். ‘45 நாளில்’ என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி உடனே எழும். பில் தேதி ஜூன் 3. சரக்கு சேர்ந்தது 5. ஆட்சேபம் தீர்ந்தது 11. சட்டப்படி, எழுத்துமூலம் ஆட்சேபம் வந்திருந்தால், அதை விற்றவர் தீர்த்துவைத்த நாளே ஒப்புக்கொண்ட நாள். இரு தரப்பாரும் எழுத்தில் என்ன பேசிக்கொண்டாலும் அந்நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை போகக்கூடாது. ஜூன் 11-இலிருந்து 45 நாள் எண்ணினால் ஜூலை 26 வருகிறது. பில் தேதியிலிருந்து எண்ணியிருந்தால் ஜூலை 18 என்று தவறாக முடிந்திருக்கும்.

காலண்டரை எடுத்துப் பார்த்தால் ஜூலை 26 நான்காவது சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. மின்னணுப் பரிமாற்றம் விடுமுறை நாளிலும் நடக்கும் என்றாலும், கம்பெனியின் கணக்குப் பிரிவில் கையெழுத்திட ஆள் இருக்கமாட்டார்; எனவே 28, திங்கட்கிழமை. அதோடு முடியவில்லை. அந்தக் கம்பெனியில் மாதம் இரண்டு முறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் மட்டுமே சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவார்கள். தவணை முடிந்த பில்களையெல்லாம் சேர்த்துவைத்து அன்றைக்கு ஒரே பட்டியலாகப் பட்டுவாடா செய்வது அங்குள்ள ஏற்பாடு. ஆகையால் தவணை நாள் ஜூலை 26 என்றாலும் பணம் வரும் நாள் ஆகஸ்ட் 5 என்பதே யதார்த்தம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அடுத்த ஆர்டரை எதிர்நோக்கி நிற்கும் பட்டறைக்காரர் அதை எழுதிக் கேட்பது அபூர்வம்.

கடிதத்தில் நான் இரண்டு தேதிகளையும் எழுதினேன்: ஒப்பந்தப்படி ஜூலை 26, பட்டுவாடா வழக்கப்படி ஆகஸ்ட் 5, வட்டியை ஆகஸ்ட் 5 வரைக்கும் கணக்கிட்டுக்கொள்ளலாம். எட்டு நாள் வட்டியை வலியப்போய்த் தருவானேன் என்று கேட்கலாம். பைனான்சியர் தொகையில் 90 சதவீதம் முன்பணமாகத் தருவார். அது 10,39,878 ரூபாய். ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில், ஜூன் 18-இலிருந்து ஜூலை 28 வரை 40 நாளுக்கு 15,954 ரூபாய். ஆகஸ்ட் 5 வரை 48 நாளுக்கு 19,145. வித்தியாசம் 3,191 ரூபாய். இந்த 3,191-ஐ மிச்சப்படுத்த எண்ணி ஜூலை 28 என்று எழுதிக்கொடுத்தால், அன்று மாலை பணம் வராதபோது பைனான்சியரின் ஏட்டில் இந்தக் கணக்கு தவணை தவறியதாகப் பதிவாகும். அதற்குமேல் அபராத வட்டி ஏறும். பணம் வராவிட்டால் பட்டறையே திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையுள்ள ஒப்பந்தமாகையால் முதலாளிக்குத் தொலைபேசி வரும். இப்படி இரண்டு மூன்று பில்களில் நடந்தால், உண்மையில் ஒழுங்காகவே பணம் தருகிற கம்பெனி தாமதக்காரர் என்ற பெயரெடுத்து அதன் வரம்பே குறைக்கப்படும்.

நான்காவதாகிய சரித்திரத்தை எழுதும்போது ‘எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்ற வாக்கியத்தைப்போல் சந்தேகத்தைக் கிளப்புவது வேறெதுவுமில்லை. பல ஆண்டு வியாபாரத்தில் ஒரு பில்லாவது இழுபட்டிருக்கும் என்பது பைனான்சியருக்குத் தெரியும். பட்டறையின் வங்கிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு முந்தைய பன்னிரண்டு மாதங்களின் பில்களை வரிசைப்படுத்தினேன். 30 பில்கள், அவற்றில் 28-க்குத் தவணைக்குப் பின் வந்த முதல் பட்டுவாடா நாளிலேயே பணம் வந்திருந்தது. மற்ற இரண்டும் நவம்பர் மாதத்தவை, ஒரு மாதத்துக்குமேல் தாமதம். காரணத்தைத் துருவியபோது, பிக் அயர்ன் விலை ஏறியதால் பட்டறை புதிய விலையில் பில் போட்டிருந்ததும், கம்பெனி பர்ச்சேஸ் ஆர்டரைத் திருத்துவதற்கு முன்பே சரக்கு போய்விட்டதும், விலை வித்தியாசம் காரணமாகக் கணக்குப் பிரிவு பில்களை நிறுத்திவைத்ததும் தெரிந்தது. ஆர்டர் திருத்தப்பட்டதும் முழுத் தொகையும் வந்திருந்தது.

சராசரித் தாமதம் இத்தனை நாள் என்று ஓர் எண்ணைக் கொடுத்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஒழுங்காக வந்த 28-ம் இழுபட்ட இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, பாலில் கலந்த தண்ணீரைப்போல எது எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும். பைனான்சியருக்குச் சராசரியைவிட முக்கியம், மிக மோசமான தாமதம் எவ்வளவு, அது பணமில்லாமல் வந்ததா தகராறினால் வந்ததா என்பது. பணமில்லாமை திரும்பவும் வரும்; தகராறு தீர்ந்தால் தீர்ந்ததே. ஆகவே அந்த இரண்டையும் தேதியோடும் காரணத்தோடும் எழுதி, இந்த பில் திருத்தப்பட்ட ஆர்டரின் விலையிலேயே போடப்பட்டது என்பதையும் சேர்த்தேன். கூடவே, சரித்திரத்தின் மறுபாதியான ரிஜெக்‌ஷன் கணக்கையும் கொடுத்தேன்: எந்த பில்லிலும் மதிப்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் கழிந்ததில்லை. தொகையில் பத்து சதவீதத்தைப் பைனான்சியர் பிடித்துவைப்பதே இத்தகைய கழிவுகளுக்காகத்தான் என்பதால், மூன்று என்ற எண் அவருக்குப் பெரிய ஆறுதல்.

இந்த நான்கும் சரியாக அமைந்தும் கடிதம் தேங்கிநிற்கும் இடம் ஒன்று உண்டு. அது பட்டறையின் சொந்த வங்கி. சி.சி. கடன் கொடுத்திருக்கும் வங்கி பெரும்பாலும் பட்டறையின் சரக்கின்மீதும் வரவேண்டிய பாக்கிகள் அனைத்தின்மீதும் பாத்தியதை எழுதி வாங்கியிருக்கும். அதே பாக்கியைப் பைனான்சியர் பெயருக்கு எழுதிக்கொடுப்பதானால் வங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இந்த பில்லைக் கழித்துக் காட்டவும் வேண்டும். பாக்கிகளை எழுதிக்கொடுத்த விவரங்கள் மத்தியப் பதிவேட்டில் ஏறும் ஏற்பாடு இருப்பதால், ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டுவது வெளிப்படாமல் போகாது. அந்த வங்கி, இந்த ஒரு கம்பெனியின் பில்களுக்கு மட்டும் முன்னரே எழுதிக்கொடுத்திருந்த கடிதத்தை இரண்டாவது இணைப்பாக வைத்தேன்.

இத்தனைக்கும் பிறகு கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிற்று. அதன் சாரம் வருமாறு: “கீழ்க்கண்ட பில்லை டிஸ்கவுண்ட் செய்து தரக் கோருகிறோம். வாங்குபவர்: இன்ன பதிவுப் பெயர், இன்ன ஜி.எஸ்.டி. எண், இன்ன ஆலை. 3.6.2025 தேதியிட்ட பில் ரூ. 11,80,000, கிரெடிட் நோட் ரூ. 23,600; டி.டி.எஸ். ரூ. 980, வாங்குபவர் தர ஒப்புக்கொண்டது ரூ. 11,55,420. ஒப்பந்தத் தவணை 26.7.2025, வாங்குபவரின் பட்டுவாடா நாள் 5.8.2025. கடந்த பன்னிரண்டு மாதங்களில் 30 பில்கள். 28-க்கு முதல் பட்டுவாடா நாளிலேயே பணம் வந்தது. இரண்டு, விலை வித்தியாசத்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்து முழுமையாகத் தீர்ந்தன. இந்த பில்லின்மீது வேறெங்கும் கடன் பெறவில்லை. வங்கியின் சம்மதம் இணைப்பில். பணத்தை உங்கள் கணக்கிலேயே செலுத்தும்படி வாங்குபவருக்கு எழுதிய அறிவிப்பும் அவர்கள் அதைப் பெற்றுக்கொண்ட கையொப்பமும் இணைப்பில்.” பட்டறையின் வயதைப் பற்றியும் அவசரத்தைப் பற்றியும் ஒரு வரி இல்லை, அவசரக்காரரிடம் வட்டியைக் கூட்டிக் கேட்பது மனித சுபாவம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பைனான்சியர் ஆபீஸிலிருந்து கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதே தொகை, அதே தேதி. 10,39,878-இல் 19,145 கழித்து 10,20,733 ரூபாய் ஜூன் 18-ஆம் தேதி பட்டறையின் கணக்கில் விழுந்தது, கட்டணம் தனி. கம்பெனி ஆகஸ்ட் 5 அன்று பைனான்சியருக்குச் செலுத்திய பிறகு, பிடித்துவைத்திருந்த 1,15,542-ம் வந்துசேர்ந்தது.

வாங்குபவர் ட்ரெட்ஸ் என்னும் மின்னணு மேடையில் சேர்ந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. ரிசர்வ் வங்கி 2014-இல் விதிமுறை வகுத்து, 2017-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில், வாங்குபவர் திரையிலேயே தொகையையும் தேதியையும் ஒப்புக்கொள்ள, வங்கிகள் போட்டியிட்டு வட்டி சொல்லுகின்றன. பணம் வராவிட்டால் விற்றவரிடம் திரும்பிக் கேட்பதுமில்லை. ஆண்டு விற்றுவரவு 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் அதில் பதிவுசெய்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. நம் பம்புக் கம்பெனி அந்த அளவுக்குப் பெரிதல்ல. கோவைப் பட்டறைகளின் வாடிக்கையாளர்களில் அத்தகையவர்கள் அநேகம். ஆகையால் கடிதம் எழுதுகிற வேலை இன்னும் இருக்கிறது.

எழுதாமல் திருப்பியனுப்புகிற வேலையும் அதில் அடக்கம். கணக்குப் பிரிவின் எழுத்து வராத பில், விலைத் தகராறு தீராத பில், வங்கியின் சம்மதம் கிடைக்காத பில் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம், கடிதத்துக்கு முன்னால் போகவேண்டிய இடம் எது என்பதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்துவிடுவேன்; பெரும்பாலும் அந்த இடம் பைனான்சியரின் ஆபீஸ் அல்ல, வாங்குபவரின் கணக்குப் பிரிவுதான்.